ஒரே 138, மூன்று விதமான பிரேம்டைம்: கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ஐ முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கையில் இருப்பது 144 ஹெர்ட்ஸ் ஜி-சிங்க் மானிட்டர், அதாவது படம் தயாராகும் நேரத்துக்கேற்பத் திரையைப் புதுப்பிக்கும் வகை; கூடவே என்விடியா கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2. கன்சோலில் `fps_max 138`, அதாவது வினாடிக்கு 138 பிரேமுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. மூலையில் இருக்கும் கவுன்ட்டர் 138-ஐ விட்டு அசைவதில்லை. ஆனாலும் மவுஸை வேகமாகத் திருப்பினால் சுவர் வழுக்கிக்கொண்டு நகராமல் மெல்லிய நடுக்கத்தோடு நகர்கிறது. அதே 138-ஐ விளையாட்டில் நீக்கிவிட்டு என்விடியா டிரைவரில் வைத்தால் நடுக்கம் போய்விடுகிறது. ஆனால் மவுஸ் சற்று கனத்துவிட்டதுபோல இருக்கிறது. ரிவாட்யூனர் என்ற வெளிக்கருவியில் வைத்தாலும் கிட்டத்தட்ட அப்படியே. எண் மாறவில்லை, கார்டு மாறவில்லை. பிறகு எது மாறியது?

காத்திருக்கும் இடம் மாறியது. பிரேம் லிமிட்டர் என்பது, அடிப்படையில், சிபியுவைச் சற்று நேரம் சும்மா நிற்கவைக்கும் ஒரு சிறு நிரல். அதை ஒரு பிரேமின் தொடக்கத்தில் நிற்கவைக்கிறோமா, முடிவில் நிற்கவைக்கிறோமா என்பதில்தான் இந்த விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எந்த லிமிட்டர் சிறந்தது என்று நடக்கும் வாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத் தவறவிட்டவை.

ஒரு பிரேமின் வழி

விளையாட்டு ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே வேலையைத் திரும்பச் செய்கிறது. முதலில் மவுஸும் கீபோர்டும் என்ன சொல்கின்றன என்று பார்க்கிறது. அதன்படி உலகத்தைக் கணக்கிடுகிறது. வரைய வேண்டியவற்றை கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் `Present` என்ற அழைப்பின் மூலம் ‘இந்தப் பிரேம் தயார், திரைக்குக் கொண்டுபோ’ என்கிறது.

விளையாட்டுக்குள் இருக்கும் லிமிட்டர் இந்தச் சுற்றின் தலைவாசலில், அதாவது மவுஸைப் படிப்பதற்கு முன்பு காத்திருக்கும். சரியாக எழுதப்பட்ட எஞ்சின்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆகவே காத்திருப்பு முடிந்ததும் படிக்கப்படும் மவுஸ் நிலை புத்தம் புதியது. ரிவாட்யூனர் போன்ற வெளிக்கருவிக்கு விளையாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அது பிடித்து நிறுத்தக்கூடிய இடம் `Present` அழைப்பு ஒன்றுதான். அதனால் மவுஸ் படிக்கப்பட்டு, உலகம் கணக்கிடப்பட்டு, எல்லாம் முடிந்த பிறகு, வாசலைத் தாண்டப்போகும் பிரேமைப் பிடித்து நிறுத்துகிறது. டிரைவர் லிமிட்டரும் நிற்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். சுட்ட தோசையைத் தட்டில் ஆறவிட்டு நேரம் வந்ததும் பரிமாறுவதற்கும், நேரம் பார்த்து மாவை ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதலாவதில் பரிமாறும் நேரம் பிசகாது, தோசை ஆறியிருக்கும். இரண்டாவதில் தோசை சூடாக இருக்கும், ஆனால் அடுப்பின் போக்கைப் பொறுத்து நேரம் முன்பின்னாகும்.

கணக்கில் போட்டுப் பார்த்தால்

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 இந்த ஆய்வுக்கு நல்ல உதாரணம். அதன் பிரேம்கள் இயல்பாகவே சமமானவை அல்ல. விளையாட்டின் உலகம் வினாடிக்கு 64 டிக், அதாவது 64 முறை புதுப்பிப்பு, என்ற கணக்கில் ஓடுகிறது. டிக் விழும் பிரேமில் சிபியுவுக்கு வேலை கூடுதல். டிக் விழாத பிரேமில் குறைவு. 138 பிரேம்களில் 64 கனமானவை, மீதி 74 இலகுவானவை. ஆகவே கனம், இலகு, கனம், இலகு என்று மாறி மாறி வரும். வினாடிக்குப் பத்து முறை இரண்டு இலகுப் பிரேம்கள் அடுத்தடுத்து வரும்.

கணக்குக்காக இலகுவான பிரேமுக்கு 3 மில்லிவினாடி, கனமானதற்கு 5 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். இவை எந்தக் கணினியிலும் அளந்த எண்கள் அல்ல, பொறிமுறையைப் பார்ப்பதற்கான எண்கள். ஜிபியு எடுக்கும் நேரத்தையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். 138 என்றால் பிரேமுக்கு ஏறத்தாழ 7.25 மில்லிவினாடி. இரண்டு வகைப் பிரேமும் அதற்குள் வசதியாக முடிந்துவிடுகின்றன. கணினிக்குத் திணறல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் `fps_max`. சுற்று 0, 7.25, 14.5, 21.75 என்று துல்லியமாகத் தொடங்குகிறது. இலகுவான முதல் பிரேம் 3-ல் தயார். கனமான அடுத்தது 7.25-ல் தொடங்கி 12.25-ல் தயார். அடுத்த இலகுவானது 17.5-ல் தயார். தயாரான நேரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 9.25, பிறகு 5.25, மறுபடி 9.25. சராசரி 7.25 தான், கவுன்ட்டரும் 138 என்றே காட்டும். பிரேம்களுக்கு இடையே உள்ள நேரத்தைக் காட்டும் பிரேம்டைம் வரைபடமோ ரம்பத்தின் பல்லைப்போல இருக்கும்.

இது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? மவுஸ் சீரான இடைவெளியில் படிக்கப்பட்டது. படம் சீரற்ற இடைவெளியில் காட்டப்படுகிறது. ஒரு பிரேமின் படம் 3 மில்லிவினாடி பழையது, அடுத்தது 5 மில்லிவினாடி பழையது. இந்த 2 மில்லிவினாடி வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அரை வினாடியில் பின்பக்கம் திரும்பும் வீரரின் பார்வை வினாடிக்கு 360 பாகை வேகத்தில் சுழல்கிறது. அந்த வேகத்தில் 2 மில்லிவினாடி என்பது 0.72 பாகை. 1920 பிக்சல் அகலத் திரையின் நடுவில் அது சுமார் 9 பிக்சல். பிரேமுக்குப் பிரேம் 9 பிக்சல் முன்னும் பின்னுமாக நடுங்கும் சுவரைக் கண் கண்டுபிடிக்காமல் விடாது.

இப்போது அதே பிரேம்கள், ரிவாட்யூனரில். ஒரு `Present` முடிந்தவுடன் விளையாட்டு அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. இலகுவான பிரேம் 3 மில்லிவினாடியில் முடிந்து 4.25 மில்லிவினாடி வாசலில் நிற்கிறது. கனமானது 5-ல் முடிந்து 2.25 நிற்கிறது. வெளியேறுவது எல்லாமே 7.25 இடைவெளியில். ரம்பம் மறைந்து கோடு நேராகிவிட்டது. விலை என்ன? எந்தப் படமும் திரைக்கு வரும்போது 7.25 மில்லிவினாடி பழையது. `fps_max` தந்த 3, 5 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் 2.25 முதல் 4.25 மில்லிவினாடி வரை கூடுதல் தாமதம். கனத்த மவுஸ் என்று கை உணர்ந்தது இதைத்தான்.

வெளிக்கருவி பிரேம்களைச் சமமாக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே 3-ம் 5-ம் அப்படியேதான் இருக்கின்றன. உபரி நேரத்தை வேலைக்குப் பின்னால் வைத்ததால் வேலையின் ஏற்ற இறக்கத்தை அந்த உபரி விழுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். உபரியை வேலைக்கு முன்னால் வைத்தால் விழுங்க ஆள் இல்லை.

2017-ல் ப்ளர் பஸ்டர்ஸ் தளம் வெளியிட்ட ஜி-சிங்க் தாமதச் சோதனைகளும் இதே வரிசையைத்தான் காட்டின. விளையாட்டின் உள் லிமிட்டரில் தாமதம் மிகக் குறைவு. ரிவாட்யூனரில் அதைவிட அதிகபட்சம் ஒரு பிரேம் கூடுதல். அன்றைய என்விடியா டிரைவர் லிமிட்டரில் இரண்டு பிரேம் வரை கூடுதல். அந்தக் கடைசி எண்ணை இன்றும் மேற்கோள் காட்டி டிரைவர் லிமிட்டரை ஒதுக்குபவர்கள் உண்டு. அது பழங்கதை. அப்போதிருந்த லிமிட்டர் வேறு. அதைத் தொடவே புரொஃபைல் இன்ஸ்பெக்டர் என்ற தனிக்கருவி தேவைப்பட்டது. 2020 ஜனவரியில் 441.87 பதிப்போடு கண்ட்ரோல் பேனலில் வந்த `Max Frame Rate` புதிதாக எழுதப்பட்டது. தாமதத்தில் அது ரிவாட்யூனருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

144-க்கும் 138-க்கும் நடுவில் உள்ள இடம்

மேலே சொன்ன கணக்கில் மானிட்டரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் கதை திரும்புகிறது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தைக் காட்டி முடிக்க 6.94 மில்லிவினாடி எடுக்கிறது. அதற்கு முன்பு அடுத்த படம் வந்தால் ஜி-சிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. படத்தை மானிட்டரின் சுற்றுக்குக் காத்திருக்கவைக்கும் வி-சிங்க் அணைந்திருந்தால் படம் கிழியும், அதாவது ஒரு படத்தின் நடுவில் அடுத்தது தொடங்கிவிடும். இயங்கினால் படம் காத்திருக்கும். இதைத் தவிர்க்கத்தான் 144-க்குக் கீழே லிமிட் வைக்கச் சொல்கிறார்கள். பலரும் சொல்லும் பழைய விதி ‘மூன்றைக் கழி’ என்பது. 141 வைத்தால் பிரேமுக்கு 7.09 மில்லிவினாடி, இடைவெளி 0.15 மில்லிவினாடி. 240 ஹெர்ட்ஸில் 237 வைத்தால் அந்த இடைவெளி 0.05-க்குச் சுருங்கிவிடுகிறது. தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி, ஜி-சிங்கும் வி-சிங்கும் இயங்கும்போது தானாக வைக்கும் உச்சவரம்பு வேறு விதம். 144-க்கு 138, 120-க்கு 116, 240-க்கு 224. இந்த எண்களுக்குப் பொருந்தும் சூத்திரம் இது. `R` என்பது ரிஃப்ரெஷ் ரேட்:

```
limit = R - (R * R / 3600)
```

பார்க்க விசித்திரமாக இருந்தாலும் இதன் பொருள் எளிது. எந்த மானிட்டராக இருந்தாலும் பிரேமுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிவினாடி இடம் விடு என்பதுதான். பிரேம் எண்ணிக்கையில் கழிப்பதைவிட நேரத்தில் இடம் விடுவது அறிவுக்கு உகந்தது.

ஆனால் நம் ரம்பத்தில் 5.25 மில்லிவினாடி இடைவெளிகள் இருக்கின்றன. 0.3 எந்த மூலைக்கு? சராசரி 138 ஆக இருந்தும், கனமானதை அடுத்து வரும் ஒவ்வொரு இலகுப் பிரேமும் மானிட்டரின் எல்லையை மீறிக்கொண்டு வந்து நிற்கிறது. வி-சிங்க் அணைந்திருந்தால் அந்தப் பிரேம்களெல்லாம் கிழிசலோடு வரும். ‘ஜி-சிங்க் வைத்தும், லிமிட் வைத்தும் திரையின் அடிப்பகுதியில் கிழிகிறதே’ என்று குழம்புபவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

வி-சிங்கை இயக்கினால் நடப்பது சுவையானது. 12.25-ல் கனமான பிரேம் திரைக்குப் போகிறது. இலகுவானது 17.5-ல் வந்து நிற்கிறது, மானிட்டர் 19.19 வரை தயாரில்லை. 1.69 மில்லிவினாடி காத்திருந்து உள்ளே போகிறது. அடுத்த கனமானது 26.75-ல் வருகிறது, உடனே போகிறது. திரையில் மாறும் இடைவெளிகள் இப்போது 6.94, 7.56, 6.94, 7.56. ரம்பத்தின் பல் 4 மில்லிவினாடியிலிருந்து 0.62-க்குத் தேய்ந்துவிட்டது. படத்தின் வயதைப் பார்த்தால் இன்னும் தெளிவு. இலகுவானது 4.69 மில்லிவினாடி, கனமானது 5. இரண்டுக்கும் வேறுபாடு 0.31 தான். அந்த 9 பிக்சல் நடுக்கம் ஒன்றரை பிக்சலுக்கும் குறைவாகிவிடுகிறது. தாமதமோ 7.25-க்குப் போகாமல் 5-லேயே நிற்கிறது.

அதாவது, ரிவாட்யூனர் செய்யும் அதே வேலையை, தேவையான பிரேமுக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் வி-சிங்க் செய்துவிடுகிறது. வி-சிங்க் என்றாலே தாமதம் என்று அதைத் தொட மறுப்பவர்கள் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் காலத்துப் பாடத்தை இங்கே கொண்டுவருகிறார்கள். பிரேம் ரேட் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை ஜி-சிங்க் மானிட்டரில் வி-சிங்குக்கு நின்று தடுக்கும் வேலை இல்லை. எல்லையை உரசும் பிரேமை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

வரைபடம் எங்கே நின்று பார்க்கிறது

இங்கேதான் ஒப்பீடுகள் பெரும்பாலும் தடம் புரள்கின்றன. ரிவாட்யூனரின் ஓவர்லேயில் ஓடும் பிரேம்டைம் கோடு, திரையைப் பார்த்து வரையப்படுவதில்லை. `Present` அழைப்புகளை ஒட்டி அளந்து வரையப்படுவது. காத்திருக்க வைப்பதும் அந்தக் கருவிதான், அளப்பதும் அதே இடத்தில்தான். அப்படி இருக்கும்போது கோடு நேராக வருவதில் வியப்பில்லை. அந்தக் கருவியிலேயே பிரேமின் தொடக்கத்தில் அளக்கவா, வெளியேறும் இடத்தில் அளக்கவா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதை மாற்றினால் அதே ஓட்டத்துக்கு வேறு கோடு கிடைப்பதைக் காணலாம்.

வி-சிங்கோடு `fps_max` வைத்த நம் உதாரணத்தில் இது எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். திரையில் 6.94-ம் 7.56-மாகச் சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்லே மட்டும் 9.25, 5.25 என்று ரம்பம் வரையும். அதைப் பார்த்து ‘உள் லிமிட்டர் மோசம்’ என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள்.

சரியாகப் பார்க்க இன்டெலின் பிரசன்ட்மான் போதும். அது விளையாட்டுக்குள் எதையும் நுழைப்பதில்லை, விண்டோஸ் தரும் நிகழ்வுப் பதிவுகளைப் படிக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில்:

```
PresentMon.exe --process_name cs2.exe --timed 60 --v1_metrics --output_file a.csv
```

கிடைக்கும் கோப்பில் இரண்டு நெடுவரிசைகள்தான் நமக்கு வேண்டும். `MsBetweenPresents` என்பது விளையாட்டு பிரேமை ஒப்படைத்த இடைவெளி. `MsBetweenDisplayChange` என்பது திரை உண்மையில் மாறிய இடைவெளி. கண் பார்ப்பது இரண்டாவதை. முதலாவது ரம்பமாகவும் இரண்டாவது தட்டையாகவும் இருந்தால் வி-சிங்க் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இரண்டுமே ரம்பமாக இருந்தால் பிரேம்களின் ஏற்ற இறக்கம் அப்படியே திரைக்குப் போகிறது. முதலாவது தட்டையாகவும் இரண்டாவது கரடுமுரடாகவும் இருந்தால் ஜிபியு பின்தங்குகிறது. சிபியுவை நிறுத்தும் லிமிட்டரை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, கிராபிக்ஸ் அமைப்பைக் குறைக்க வேண்டும்.

மூன்று லிமிட்டருக்கும் விளையாட்டின் ஒரே மேப்பில், கணினி இயக்கும் வீரர்களோடு, ஒரே வழியில் நடந்து பதிவெடுப்பது நல்லது. ஆன்லைன் ஆட்டங்கள் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது.

எண்ணாகச் சுருக்கும்போது, மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தைக் காட்டும் ‘ஒரு சதவீதக் குறைந்தபட்சம்’ என்ற அளவை நம்பி ஏமாற வேண்டாம். நம் ரம்பத்தில் அந்த அளவு சுமார் 108 என்று வரும். ‘சற்றுக் குறைவு, பரவாயில்லை’ என்று தோன்றும். பாதிக்குச் சற்றுக் குறைவான பிரேம்கள் தாமதமாக வந்தாலும் 108 தான், நூறில் ஒன்று மட்டும் அப்படி வந்தாலும் 108 தான். பிரேம்டைமின் சீரைப் பார்க்க, அடுத்தடுத்த இரண்டு பிரேம்களின் வேறுபாட்டை எடுக்க வேண்டும். எக்செலில், அந்த எண்களை A நெடுவரிசைக்கு நகலெடுத்த பிறகு, ஒரே வரி:

```
=ABS(A3-A2)
```

அதை நெடுவரிசை முழுக்க இழுத்துச் சராசரி எடுத்தால் போதும். நம் கணக்கில் வி-சிங்க் இல்லாத `fps_max` 4-க்குச் சற்றுக் கீழே நிற்கும், வி-சிங்கோடு 0.6-க்கு அருகில், ரிவாட்யூனர் பூஜ்யத்தை ஒட்டி.

எல்லா உள் லிமிட்டரும் ஒன்றல்ல

இதுவரை உள் லிமிட்டர் துல்லியமான கடிகாரத்தோடு இயங்குகிறது என்று கொண்டோம். பல விளையாட்டுகளில் அது உண்மையில்லை. இதற்கு மிகப் பழைய சான்று 1999-ல் வந்த குவேக் 3. அதன் மூலநிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```
minMsec = 1000 / com_maxfps->integer;
```

இரண்டு பக்கமும் முழு எண்கள், ஆகவே விடையும் முழு எண். 120 கேட்டால் 1000/120 என்பது 8.33, தசமம் வெட்டப்பட்டு 8 ஆகிறது, கிடைப்பது 125 பிரேம். 85 கேட்டால் 11 மில்லிவினாடி, கிடைப்பது 90-க்கு மேல். அந்த விளையாட்டுக்காரர்கள் 125, 250, 333 என்ற விசித்திர எண்களையே பயன்படுத்தியதற்குப் பின்னால் இந்த வகுத்தலும் இருக்கிறது.

முழு மில்லிவினாடியில் கணக்கிடும் லிமிட்டர் இன்றைய மானிட்டரில் செய்யும் சேதத்தைப் பாருங்கள். 138 கேட்டால் 7.25 வெட்டப்பட்டு 7 மில்லிவினாடி. கிடைப்பது 142.9. எல்லைக்கு நாம் விட்ட 0.3 மில்லிவினாடி இடம் 0.06 ஆகச் சுருங்கிவிட்டது. கேட்ட எண்ணும் கவுன்ட்டர் காட்டும் எண்ணும் வேறுபட்டால், அதுவும் 1000-ஐ முழு எண்ணால் வகுத்த விடையாகவே எப்போதும் வந்தால், காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு குறை விண்டோஸின் டைமரில் இருந்து வருகிறது. இயல்பு நிலையில் அதன் துடிப்பு 15.6 மில்லிவினாடி. ஒரு நிரல் ‘ஒரு மில்லிவினாடி தூங்குகிறேன்’ என்று கேட்டால் அடுத்த துடிப்புவரை எழுப்பப்படாமல் போகலாம். `timeBeginPeriod(1)` என்று கேட்டு வாங்கினால் துடிப்பு ஒரு மில்லிவினாடிக்கு இறங்கும். 60 பிரேமுக்கு, அதாவது 16.67-க்கு, அதுகூடப் பிசிறு தரும். 16, 17 என்று மாறி மாறி விழும். நல்ல லிமிட்டர்கள் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்துவிட்டு, கடைசித் துண்டு நேரத்தில் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே விழித்திருக்கின்றன. சிபியுவுக்குச் சற்றுச் செலவு, ஆனால் துல்லியம் மில்லிவினாடிக்கும் வெகு கீழே போய்விடும்.

ஆகவே ‘உள் லிமிட்டரில் தாமதம் குறைவு’ என்பது பொது விதி. ‘உள் லிமிட்டர் சீரானது’ என்பது அந்தந்த விளையாட்டை எழுதியவரின் கையில். இந்த ஒரு விஷயத்தில் வெளிக்கருவிக்கு நிலையான மதிப்பு உண்டு. எந்த விளையாட்டுக்கும் ஒரே கடிகாரம், ஒரே நடத்தை.

டிரைவரா, வெளிக்கருவியா

சீரைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் அளவு வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். வேறுபாடு நடைமுறையில்தான். ரிவாட்யூனர் தன் நிரல்துண்டை விளையாட்டின் உள்ளே செலுத்தித்தான் `Present`-ஐப் பிடிக்கிறது. ஏமாற்றுத் தடுப்பு உள்ள ஆன்லைன் விளையாட்டுகளுக்கு இது பிடிக்காது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் வெளியிலிருந்து நுழையும் நிரல்களைத் தடுக்கும் நம்பக முறையில்தான் திறக்கிறது. ஓபிஎஸ் என்ற பதிவுக் கருவியில் விளையாட்டை நேரடியாகப் பதிவு செய்பவர்கள் `-allow_third_party_software` என்று சேர்த்துத் திறக்க வேண்டியிருப்பது அதனால்தான். லிமிட்டர் ஒன்றுக்காக அந்தக் கதவைத் திறந்துவைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருப்பது, அதை யாரும் தடுப்பதில்லை.

ஏஎம்டி கார்டுகளில் இதே இடத்தில் 2015-ல் வந்த பிரேம் ரேட் டார்கெட் கண்ட்ரோல் இருக்கிறது. ரேடியான் சில் என்ற வசதியில் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் ஒரே எண்ணாக வைத்து லிமிட்டராகப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

மூன்று வகைகளுக்கும் இடையே உள்ள சுவர் இப்போது கரைந்தும் வருகிறது. ரிஃப்ளெக்ஸ் உள்ள விளையாட்டில் ‘எவ்வளவு நேரம் காத்திரு’ என்று சொல்வது டிரைவர். காத்திருப்பது விளையாட்டின் தலைவாசலில், மவுஸைப் படிப்பதற்கு முன்பு. ரிவாட்யூனரும் தன் லிமிட்டர் வகைகளில் ரிஃப்ளெக்ஸ் வழியைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அந்த வகையைத் தேர்ந்தெடுத்தால் வெளிக்கருவி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்; நடத்தை உள் லிமிட்டரின் சாயலுக்கு வந்துவிடும்.

லிமிட்டர் தொடாத இடம்

எந்த லிமிட்டரும் 7.25-க்குள் முடியும் பிரேமைத்தான் ஒழுங்குபடுத்த முடியும். 40 மில்லிவினாடி எடுத்த பிரேம் மூன்றிலும் 40 மில்லிவினாடிதான். 2022-ல் எல்டன் ரிங் வெளியானபோது கணினிப் பதிப்பில் வந்த திக்கல் நல்ல உதாரணம். அதில் 60 பிரேம் பூட்டு விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. பூட்டு இருந்தும் புதிய இடத்தில் நுழையும்போது திக்கியது. ஷேடர்கள் எனப்படும் வரையும் நிரல்களை அந்த நொடியில் தொகுப்பதும், உலகத்தின் துண்டுகளை வட்டிலிருந்து ஏற்றுவதும் அதற்குப் பின்னணி. அதற்கு மேல் ரிவாட்யூனரிலும் 60 வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் திக்கல் போகவில்லை, போக வழியும் இல்லை. வரைபடத்தில் இவ்விரு நோய்களையும் பிரித்தறிவது எளிது. ரம்பம் இடைவிடாமல் ஒரே தாளத்தில் வரும். ஷேடர் திக்கல் தனித்த ஈட்டியாக, பெரும்பாலும் ஒரு காட்சியை முதன்முறை காணும்போது மட்டும் எழும்.

லிமிட்டரால் மறைமுகமாகச் சரியாகும் ஒன்று உண்டு. ஜிபியு முழுச் சுமையில் ஓடும்போது சிபியு முன்கூட்டியே பிரேம்களை வரிசையில் அடுக்கிவிடும். மவுஸின் ஒவ்வொரு அசைவும் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஜிபியு தாங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே எந்த லிமிட்டரை வைத்தாலும் அந்த வரிசை கலைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவருக்கு டிரைவர் லிமிட்டர்கூடத் தாமதத்தைக் குறைத்துக் காட்டும்.

இந்த நிகழ்வில் வைத்த அமைப்பு

144 ஹெர்ட்ஸ் ஜி-சிங்க், என்விடியா கார்டு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்ற இந்தச் சேர்க்கைக்கு நான் வைப்பது இது: டிரைவரில் ஜி-சிங்கும் வி-சிங்கும் இயக்கம், விளையாட்டில் ரிஃப்ளெக்ஸ் இயக்கம், `fps_max 0`. ரிஃப்ளெக்ஸே 138-ல் நிறுத்திவிடும். ரிஃப்ளெக்ஸ் இல்லாத கார்டு என்றால் `fps_max 138`, மாறும் ரிஃப்ரெஷ் ரேட்டோடு வி-சிங்க் இயக்கம். மாறும் ரிஃப்ரெஷ் ரேட்டே இல்லாத மானிட்டரில் வி-சிங்கின் துணை கிடைக்காது. அங்கே `fps_max`-ஐக் கணினி தாங்கும் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். பிரேம் குறுகக் குறுக ரம்பத்தின் பல்லும் மானிட்டரின் ஒரு சுற்றுக்குள் கரைந்துவிடும்.

கேம் கன்ட்ரோலரைக் கையில் பிடித்து நிதானமாக விளையாடும் ஒற்றையாள் விளையாட்டு என்றால் என் தேர்வு தலைகீழ். அங்கே நான்கு மில்லிவினாடி தாமதத்தை விரல் அறியாது, ரம்பத்தைக் கண் அறியும். டிரைவரிலோ ரிவாட்யூனரிலோ லிமிட் வைத்துவிட்டு, விளையாட்டின் சொந்த லிமிட்டரை அணைத்துவிடுவேன். அணைக்க முடியாவிட்டால் வெளி லிமிட்டை அதைவிடத் தெளிவாகக் கீழே வைப்பேன். இரண்டு இடத்தில் ஒரே எண்ணை வைப்பது மட்டும் கூடாது. இரண்டு கடிகாரமும் நூற்றுக்கு நூறு ஒன்றாக ஓடாது, ஒன்று 60.00 என்றால் மற்றது 59.98 ஆக இருக்கும். மெல்ல மெல்ல விலகி, சில நேரம் தலைவாசலிலும் சில நேரம் பின்வாசலிலும் பிரேம் நிற்கும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் படம் பல வினாடிகளுக்கு ஒருமுறை சிறிது நேரம் மட்டும் கரடாகும். அந்தத் தாளத்தைக் கண்டால் வேறெதையும் சோதிப்பதற்கு முன்பு, டிரைவரில் அந்த விளையாட்டுக்கான தனி அமைப்பில் பழைய லிமிட் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.